கொப்பித் தாளில் எழுதிய உயில் செல்லுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மஸ்கெலியா டவுனுக்குக் கிட்ட, உறுதியோடு வாங்கிய 10 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டியிருக்கிறார். அம்மா இல்லை, பிள்ளைகள் நான்கு பேர். தன்னைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கைக்கே வீடு என்று கொப்பித் தாளில் தன் கையாலேயே எழுதி, கையெழுத்து வைத்து, பக்கத்து வீட்டார் இருவரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். நொத்தாரிசு இல்லாமல் எழுதிய உயில் செல்லாது என்கிறார் அண்ணன். திருச்சியில் இருக்கும் மாமாவோ இரண்டு சாட்சி போதும் என்கிறார். யார் சொல்வது சரி? சில நாள் பொழுதுபடும் நேரத்தில் அப்பா, இறந்துபோன அம்மாவோடு பேசுவார். அதனால் சிக்கல் வருமா?
— ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: நல்ல நேரத்தில் நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இந்தக் கேள்வி, உயில் எழுதியவர் கண்மூடிய பிறகுதான் வரும். அப்போது எதையும் திருத்த முடியாது. உங்கள் அப்பா இருக்கிறார். ஆகவே திருத்தலாம்.

முதலில் அண்ணன் சொல்வதைப் பார்ப்போம். அவர் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் காணியை விற்பதானாலும் நன்கொடையாகக் கொடுப்பதானாலும் நொத்தாரிசு முன்னால் உறுதி எழுதித்தான் ஆகவேண்டும். காணி சம்பந்தப்பட்ட எந்தக் காகிதத்துக்கும் நொத்தாரிசு வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த விதியைச் சொல்லும் அதே சட்டம், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், உயிலுக்கு மட்டும் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும். மற்றது, நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். படித்த நொத்தாரிசு ஒருவரின் இடத்தை மூன்று சாதாரண மனிதரின் கண்கள் நிரப்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் எழுதுவது, எந்த மொழியில் எழுதுவது, தட்டச்சா கையெழுத்தா என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை. எழுத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். முத்திரைத் தாளும் வேண்டாம். கொப்பித் தாளில், நம் பேச்சுத் தமிழில் எழுதினாலும் போதும். இன்னும் சொன்னால், முழுப் பக்கத்தையும் ஒருவர் தன் கையால் எழுதியிருந்தால் அது அவருக்கு ஒரு பாதுகாப்பும்கூட. ஒரு கையெழுத்தைப் பார்த்துப் போடுவதைவிட இருபது வரியை ஒருவருடைய எழுத்தில் எழுதுவது கடினம். பிறகு யாராவது ‘இது அப்பா எழுதியதல்ல’ என்றால், அவருடைய பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி மாமா சொன்னது. அவர் இருக்கும் ஊருக்கு அது சரி. இந்தியாவில் 1925 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சி போதும். சாட்சியே தேவைப்படாத இடமும் உண்டு. 1948 இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயி டிராக்டரின் கீழ் சிக்கிக்கொண்டார். நான் இறந்தால் எல்லாம் மனைவிக்கு என்று சக்கரத்தின் மேலுள்ள தகட்டில் கத்தியால் கீறிக் கையெழுத்திட்டார். நீதிமன்றம் அந்தத் தகட்டையே உயிலாக ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் சொந்தக் கையால் எழுதியது செல்லும் என்பது அங்குள்ள சட்டம். இப்படிப்பட்ட கதைகள் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்து ‘கையால் எழுதினால் போதும்’ என்ற நம்பிக்கையாகிவிடுகின்றன. மஸ்கெலியாவில் உள்ள காணிக்கு இலங்கைச் சட்டம்தான். இங்கே நொத்தாரிசு இல்லாத இரண்டு சாட்சி போதாது.

ஆக, அப்பாவின் காகிதம் இப்போதுள்ளபடி செல்லாது. குறை அவருடைய எழுத்தில் இல்லை, சாட்சிகளின் எண்ணிக்கையில்தான். இப்படியே விட்டால், உயிலே எழுதாதவர் போல வீடு நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகப் போய்விடும்.

சரி செய்ய என்ன செய்வது? புதிய தாளில் தேதி போட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். காணியை அடையாளம் காட்ட உறுதியின் இலக்கத்தைக் குறிக்கட்டும். பிறகு ஐந்து பேரை ஒரே நேரத்தில் வீட்டுக்கு அழையுங்கள். இந்த ‘ஒரே நேரத்தில்’ என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். தாளை எடுத்துக்கொண்டு காலையில் ஒருவர் வீட்டுக்கும் மாலையில் இன்னொருவர் வீட்டுக்கும் போய் ஐந்து கையெழுத்தைச் சேர்த்தால் அது ஐந்து சாட்சி ஆகாது. ஐவரும் அறையில் இருக்கும்போது அப்பா எழுத்தின் முடிவில் கையெழுத்திட வேண்டும். அல்லது முன்பே இட்டிருந்தால் ‘இது என் கையெழுத்து’ என்று அவர்கள் முன் சொல்லவேண்டும். அதன்பின் அப்பா பார்த்திருக்க ஐவரும் கையெழுத்திட வேண்டும். கை நடுங்கிப் பெருவிரல் வைத்தாலும் குற்றமில்லை. கையெழுத்துக்குக் கீழே பிறகு ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகள் படிக்க வேண்டியதில்லை. அவர்கள் சாட்சி சொல்வது அப்பா கையெழுத்திட்டதற்கு மட்டுமே.

தங்கையும் அவர் கணவரும் சாட்சியாக வேண்டாம். அன்று அவர்கள் வேறு வீட்டில் இருப்பதும் நல்லது. பயன் பெறுகிறவர் பக்கத்தில் நின்று நடத்திய உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

அடுத்தது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது. அம்மாவோடு பேசுவது அப்பாவின் உயிலைக் கெடுக்காது. இங்கிலாந்தில் பேங்க்ஸ் என்பவர், செத்துப்போன ஒருவரும் பேய்களும் தன்னைத் துரத்துவதாக உறுதியாக நம்பினார்; மனநல விடுதியிலும் இருந்தவர். 1863 இல் தன் சொத்தைத் தன் சகோதரி மகளுக்கு எழுதினார். 1870 இல் நீதிமன்றம் அந்த உயில் செல்லும் என்றது. அவருடைய மயக்கம் உயிலின் எந்த வரியையும் தொடவில்லை என்பதே காரணம். சித்த சுவாதீனம், அதாவது தெளிந்த புத்தி, என்பதற்கு அன்று சொன்ன அளவுகோல்தான் நம் நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டி. தான் எழுதுவது உயில் என்று தெரிகிறதா? தன்னிடம் என்ன சொத்து இருக்கிறது என்று தெரிகிறதா? அதை எதிர்பார்க்க உரிமையுள்ளவர்கள் யார் யார் என்று நினைவிருக்கிறதா? அவர்களில் யாரையாவது விலக்கியது பொய்யான ஒரு நம்பிக்கையாலா? ‘அம்மா என்னோடு பேசுகிறாள்’ என்பது இங்கே தடையில்லை. ‘மூத்தவன் எனக்கு விஷம் வைக்கிறான்’ என்று வீணாக நம்பி அவரை விலக்கியிருந்தால் தடை.

உங்கள் கடிதப்படி சிக்கல் பொழுதுபடும்போதுதான் வருகிறது. காலையில் தேநீருக்குப் பிறகு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் உட்கார வையுங்கள். அதே நாளில் வைத்தியர் ஒருவர் பார்த்து அவர் நிலையை எழுதித் தந்தால் மிகவும் நல்லது. நான்கு பிள்ளைகளின் பெயரையும் எழுதி, வீட்டைச் சின்னவளுக்கு ஏன் கொடுக்கிறேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். காரணம் சொல்லச் சட்டம் கேட்கவில்லை. 1844 இலிருந்து நம் நாட்டில் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் மற்றப் பிள்ளைகளை மறந்துவிடவில்லை என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். உயிலில் எழுதக்கூடியது தன் சொந்தச் சொத்தை மட்டுமே. அப்பா முன்பு இருந்த லயத்து அறை இன்னும் குடும்பத்திடம் இருந்தாலும் அதை எழுத முடியாது, அது தோட்டத்துடையது. உறுதிக் காணிக்கு அந்தத் தடை இல்லை.

கடைசியாக, சாட்சிகளின் வயதைப் பாருங்கள். அப்பாவின் காலத்துக்குப் பிறகு உயிலை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்கும்போது, உயிரோடுள்ள சாட்சிகளில் ஒருவராவது வந்து ‘நான் பார்த்தேன்’ என்று சொல்லவேண்டும். அப்பாவின் கூட்டாளிகளான எழுபது கடந்த ஐவரை உட்கார வைத்தால் அந்த நாளில் யார் இருப்பார்கள்? ஊரில் நிலையாக இருக்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர் மூவரையாவது அவர்களோடு சேருங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் ஒவ்வொருவரும் தன் கையெழுத்தின் அருகே எழுதட்டும்.