கார்னோ வரைபடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பல மாறிகளைக் கொண்ட ஒரு தர்க்கக் கோவையைப் பூலியன் விதிகளால் சுருக்குவதற்கு மாற்றாக, அதன் மதிப்புகளைக் கட்டங்களில் நிரப்பி, அடுத்தடுத்துள்ள 1-களை வளையமிட்டுச் சுருக்கும் முறையை 1952-இல் எட்வர்ட் வீட்ச் முன்வைத்தார். மறு ஆண்டே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மாரிஸ் கார்னோ அதன் கட்ட வரிசையை மாற்றியமைத்து, இன்று மாணவர்கள் கே-மேப் என்று அழைக்கும் வடிவத்தைத் தந்தார். தலைப்புகளை 00, 01, 11, 10 என்று எழுதுவதே அந்த மாற்றம். 01-க்கு அடுத்து 10 வந்தால் இரண்டு மாறிகள் ஒரே நேரத்தில் மாறிவிடும். 11 வந்தால் ஒன்று மட்டுமே மாறும். ஒட்டியிருக்கும் இரு கட்டங்கள் ஒரே ஒரு மாறியில் வேறுபடும்போதுதான் அந்த மாறி C + C' = 1 என்ற விதிப்படி நீங்குகிறது என்பதால், முறை முழுவதும் இந்த வரிசையைச் சார்ந்தே நிற்கிறது. (C' என்பது C-இன் நிரப்பு, அதாவது அதன் எதிர்மதிப்பு.) இவ்வளவும் பெரும்பாலும் சரியாகவே கற்பிக்கப்படுகிறது, பிழைகள் தொடங்குவது வளையமிடும் இடத்தில்.

நம்பிக்கை: எட்டுக் கட்டக் குழுவை முதலிலும், நான்கை அடுத்தும், இரண்டைக் கடைசியிலும் வளையமிட்டால் மிகச் சுருங்கிய விடை தானே கிடைத்துவிடும்.

பல வினாக்களில் இந்த வரிசை சரியான விடையைத் தந்துவிடுவதால்தான் இந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. இது பொய்க்கும் இடத்தைக் காண F(A,B,C,D) = Σm(1,5,6,7,11,12,13,15) என்ற சார்பு போதும். அடைப்புக்குள் உள்ள ஒவ்வோர் எண்ணும் A, B, C, D ஆகியவற்றின் மதிப்புகளை ஓர் இரும எண்ணாகப் படித்தால் கிடைப்பது. அந்த நிலைகளில் எல்லாம் வெளியீடு 1. அவற்றை நிரப்பினால் வரைபடம் இவ்வாறு அமையும்:

```
AB\CD   00  01  11  10
 00      0   1   0   0
 01      0   1   1   1
 11      1   1   1   0
 10      0   0   1   0
```

நடுவிலுள்ள 5, 7, 13, 15 ஆகிய நான்கு கட்டங்கள் BD என்ற குழுவாகக் கண்ணை ஈர்க்கின்றன. மாணவர் அதையே முதலில் வளையமிடுகிறார். அதன்பின் 1, 6, 11, 12 ஆகிய நான்கு கட்டங்கள், ஒரு காற்றாடியின் இறக்கைகளைப் போல, நான்கு திசைகளில் எஞ்சுகின்றன. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் அண்டையில் ஒரே ஒரு 1-தான் உண்டு என்பதால் ஒவ்வொன்றையும் அந்த அண்டைக் கட்டத்தோடு சேர்த்துத்தான் வளையமிட முடியும்: 1-உம் 5-உம் A'C'D, 6-உம் 7-உம் A'BC, 12-உம் 13-உம் ABC', 11-உம் 15-உம் ACD. இந்த நான்கு சோடிகளையும் வரைந்து முடித்த பின் நடுக்குழுவைத் திரும்பிப் பார்த்தால், அதன் நான்கு கட்டங்களும் ஏற்கெனவே வேறு வளையங்களுக்குள் வந்துவிட்டிருக்கும். ஆகவே மிகச் சுருங்கிய விடை

```
F = A'C'D + A'BC + ABC' + ACD
```

என்பதே, வரைபடத்திலேயே பெரிய குழுவான BD அதில் இடம்பெறாது. BD-ஐயும் சேர்த்து ஐந்து உறுப்புகளாக எழுதினால் கோவை தவறாகிவிடாது, ஆனால் அது மிகச் சுருங்கியதாகவும் இராது. ‘மிகச் சுருங்கிய’ என்று கேட்கும் வினாவுக்கு அது விடையன்று.

சரியான வழி குழுவின் அளவில் தொடங்குவதில்லை, கட்டத்தில் தொடங்குகிறது. இதற்குமேல் பெரிதாக்க முடியாத குழுவைப் பிரைம் இம்ப்ளிகன்ட் என்பர். ஒரு 1-ஐ அத்தகைய ஒரே ஒரு குழுவால் மட்டுமே மூட முடியுமானால் அந்தக் குழு தவிர்க்க இயலாதது, அதாவது எசென்ஷியல். முதலில் தனித்து நிற்கும் 1-களைத் தேடி, அவற்றுக்குரிய தவிர்க்க இயலாத குழுக்களை எழுதிவிட்டு, அதன் பிறகும் மூடப்படாத 1 ஏதேனும் இருந்தால் மட்டுமே மற்றக் குழுக்களைக் கருத வேண்டும். ஒவ்வொரு குழுவையும் அந்தந்த நிலையில் முடிந்தவரை பெரிதாக்க வேண்டும் என்ற விதி உண்மையே; பெரிய குழு எதுவானாலும் விடையில் சேர்ந்தாக வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படுவதில்லை.

நம்பிக்கை: சுருக்கிய விடை ஒன்றே ஒன்றுதான்.

Σm(0,1,2,5,6,7) என்ற மூன்று மாறிச் சார்புக்கு A'B' + BC' + AC என்பதும் A'C' + B'C + AB என்பதும் ஒரே அளவு சுருங்கிய விடைகள். இங்கே தவிர்க்க இயலாத குழு ஒன்றுகூட இல்லை. விடைக்குறிப்பில் ஒன்று மட்டும் அச்சாகியிருப்பதைக் கண்டு மற்றொன்றை அடித்துவிடுவது திருத்துபவரின் பிழையே.

நம்பிக்கை: X குறியிட்ட கட்டங்களை எல்லாம் வளையத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

X என்பது ஒருபோதும் வராத உள்ளீட்டையோ, வந்தாலும் வெளியீடு எதுவானாலும் பொருட்படுத்த வேண்டாத நிலையையோ குறிக்கிறது. பதின்ம இலக்கங்களை நான்கு பிட்டுகளில் எழுதும் பி.சி.டி. குறியீட்டில் 10 முதல் 15 வரையான ஆறும் இத்தகையவை. இலக்கம் 9-ஐ மட்டும் கண்டறியும் சுற்றுக்கு 9-ஆம் கட்டத்தில் 1-உம் அந்த ஆறு கட்டங்களில் X-உம் நிற்கும். 9-ஐ 11, 13, 15 ஆகியவற்றோடு சேர்த்தால் AD என்ற இரண்டு மாறி விடை வந்துவிடுகிறது. எஞ்சிய 10, 12, 14 ஆகியவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். அவற்றுக்காக இன்னொரு வளையம் போடுவது தேவையற்ற ஓர் ஆண்ட் கேட்டை விலைகொடுத்து வாங்குவதாகும். ஆனால் விடையை எழுதிய கணமே X-கள் மதிப்புப் பெற்றுவிடுகின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும்: இந்தச் சுற்றுக்கு 13 எப்படியோ வந்து சேர்ந்தால் அதையும் 9 என்றே அது அறிவிக்கும்.

நம்பிக்கை: விடையில் இடம்பெறாத குழுவுக்குச் சுற்றில் எந்தப் பயனும் இல்லை.

மேலே நீக்கப்பட்ட BD-யே இதற்கு மறுப்பு. A = 0, B = 1, D = 1 என்று நிலையாக இருக்க, C மட்டும் 1-லிருந்து 0-க்கு மாறுவதாகக் கொள்ளலாம்; வரைபடத்தில் இது 7-லிருந்து 5-க்கு நகர்வது. இரண்டிலும் F = 1 என்பதால் வெளியீடு அசையவே கூடாது. ஆனால் 7-ஐத் தாங்குவது A'BC, 5-ஐத் தாங்குவது A'C'D. C விழுந்ததும் முதல் உறுப்பு 0 ஆகிவிடுகிறது. இரண்டாவது உறுப்போ C' வந்து சேரும்வரை, அதாவது நாட் கேட் ஒன்றின் தாமதம் தீரும்வரை, 1 ஆவதில்லை. 74LS04 வகைச் சில்லில் இந்தத் தாமதம் ஏறக்குறைய 10 நானோவிநாடி. அந்த இடைவெளியில் வெளியீடு 0-க்குச் சரிந்து மீளக்கூடும். இதனை நிலை-1 இடர் என்பர், பாடநூல்களில் ஸ்டாட்டிக்-1 ஹசார்ட். BD-ஐச் சேர்த்தால் அதில் C இல்லாததால் மாற்றம் நடக்கும்போதும் அது 1-ஆகவே நின்று வெளியீட்டைத் தாங்குகிறது. 5, 7, 13, 15 ஆகியவற்றுக்கிடையே உள்ள நான்கு அண்டை நகர்வுகளுக்கும் இது பொருந்தும்.

இடரை வரைபடத்திலேயே அறிய முடியும்: ஒட்டியுள்ள இரு 1-கள் பொதுவான எந்த வளையத்துக்குள்ளும் சேர்ந்து அமையவில்லை என்றால் அங்கே இடர் உண்டு. ஆகவே வினா ‘இடரற்ற சுற்று’ என்று கேட்டால் ஐந்து உறுப்புகளும், ‘மிகச் சுருங்கிய கோவை’ என்று கேட்டால் நான்கும் எழுதப்பட வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் உள்ளீடு மட்டுமே மாறும் நிலைக்கே இந்தப் பாதுகாப்பு பொருந்தும். வெளியீடு அடங்கிய பின்னரே கடிகாரத் துடிப்பு வந்து ஃபிளிப்-ஃபிளாப் அதைப் படிக்கும் சுற்றுகளில் அந்தச் சரிவு எவருக்கும் தெரியாமல் போய்விடும்; அதே வெளியீடு ஃபிளிப்-ஃபிளாப்பின் கிளியர் முனைக்கு நேரடியாகச் சென்றால், அந்தக் குறுகிய சரிவே சேமித்த மதிப்பை அழித்துவிடக்கூடும்.