சட்டத்தில் படம் நெய்வோம்: பிளவில்லாத ஓரமும் வளைந்த மலையும்



பழைய சுவெட்டரைப் பிரித்தெடுத்த கம்பளியும், நான்கு பலகைத் துண்டும், கொஞ்சம் ஆணியும் இருந்தால் வீட்டிலேயே சுவரில் மாட்டும் படம் நெய்யலாம். வெறும் நேர் கோடு போட்ட துண்டு நெய்ய எவருக்கும் ஒரு மாலைப்பொழுதில் வந்துவிடும். சிக்கல் வருவது இரண்டு இடத்தில்தான். ஒன்று, இரண்டு நிறங்கள் செங்குத்தாகப் பக்கத்தில் பக்கத்தில் ஏறும் இடம். மற்றது, உருவம் வளைகிற இடம். இந்த இரண்டையும் ஒரே சின்னப் படத்தில், ஒரு தேயிலை மலையும் அதன் பின்னால் வானமும் நெய்து, இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்கள். மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டும் நூல் பாவு. குறுக்கே ஓட்டும் நூல் ஊடை. நம் படத்தில் பாவு வெளியில் தெரியாது. ஊடைக் கம்பளி அதை முழுவதும் மூடிவிடும். நிறமும் உருவமும் எல்லாம் ஊடையின் வேலைதான்.

சட்டமும் பாவும்

மேல் பலகையில் 1 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 20 ஆணி அடியுங்கள். கீழ்ப் பலகையில் 21 ஆணி. கீழ் ஆணிகள் மேல் ஆணிகளுக்கு நேராக இல்லாமல் அரை சென்ரிமீற்றர் தள்ளி, இடைவெளிக்கு நடுவில் வரவேண்டும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் 30 சென்ரிமீற்றர் தூரம் போதும். முறுக்கு நல்லாயிருக்கிற தடித்த பருத்தி நூலைக் கீழ் முதல் ஆணியில் கட்டி, மேலே முதல் ஆணி, கீழே இரண்டாம் ஆணி என்று மாறி மாறிச் சுற்றுங்கள். 40 பாவு கிடைக்கும். நூல் ஏறக்குறைய 14 மீற்றர் வேண்டும். விரலால் தட்டினால் துள்ளித் திரும்பணும். தொய்ந்து கிடந்தால் எந்த வேலையும் நேராக வராது.

சுவெட்டரைப் பிரிக்குமுன் உட்பக்கத் தையலைப் பாருங்கள். துணி மாதிரி வெட்டித் தைத்ததாக இருந்தால் துண்டு துண்டாகத்தான் நூல் வரும். கையால் பின்னியதே நல்லது. பிரித்த நூலைக் கதிரையின் முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் விட்டுவிடும்.

ஆரம்பத்தில் அதே பருத்தி நூலால் ஆறு வரி நெய்துகொள்ளுங்கள். பாவுகள் சம இடைவெளிக்கு வந்துவிடும். அதன் மேல் பச்சைக் கம்பளியால் 2 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அடி நிலம். ஊடையை நேராக இழுத்துப் போடக்கூடாது. வில் மாதிரி வளைத்து வைத்து, பிறகு முள்ளுக்கரண்டியால் கீழே தட்டுங்கள். நேராக இழுத்தால் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி இடுப்பு விழும். 20 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொண்டு அடிக்கடி அகலத்தை அளந்து பாருங்கள்.

செங்குத்து ஓரம்

மலை நடுவில் 24 பாவு அகலம். இரண்டு பக்கமும் வானத்துக்கு எட்டு எட்டுப் பாவு. ஆக, மூன்று நூல் தனித்தனியாக ஓடுகிறது: இடப்பக்க வானம், மலை, வலப்பக்க வானம்.

ஒவ்வொரு நூலும் தன் எல்லைக்குப் போய், தன் கடைசிப் பாவைச் சுற்றித் திரும்பினால் என்ன ஆகும்? பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் எதுவும் பிடித்துக்கொண்டிருக்காது. ஒரு பிளவு விழும். "ஐயா, சட்டத்தில இருக்கும்போது நல்லாத்தான் இருந்திச்சு, கழட்டின பிறகு வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குதே" என்று பிள்ளைகள் கேட்பது இதைத்தான். சட்டத்தில் பாவு இறுகி நிற்பதால் பிளவு தெரியாது. கழற்றி மாட்டியதும் படத்தின் பாரம் இழுக்க, அது விரியும். பின்னால் தைக்கலாம், ஆனால் தையல் அந்த இடத்தைச் சுருக்கிக் காட்டும். நெய்து திருத்துவதென்றால் அதற்கு மேலே உள்ள அத்தனை வரியையும் பிரிக்கவேண்டி வரும்.

துருக்கியில் கிலிம் என்ற விரிப்பு நெய்கிறவர்கள் இந்தப் பிளவை அப்படியே விடுகிற முறையில்தான் பெரும்பாலும் நெய்கிறார்கள். அதனால்தான் அவர்கள் கோலத்தில் நீண்ட செங்குத்துக் கோடு அதிகம் வராது. ஓரம் படிக்கட்டாகச் சாய்ந்து சாய்ந்து போகும். ஒவ்வொரு பிளவும் சின்னதாக முடிந்துவிடும்.

நமக்கு நேர் ஓரம் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. அது நம் அம்மாமார் கல்யாணத்துக்குக் கட்டிய காஞ்சிபுரம் சேலையிலேயே உண்டு. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓடும். உடல் நூலும் கரை நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கொக்கி மாதிரி பிடித்துக்கொண்டு திரும்பும். இதற்காகவே தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் இருந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். கோர்வைச் சேலை வீட்டில் இருந்தால் கரையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அந்தப் பிடி தெரியும்.

நம் சட்டத்தில் செய்யும் விதம் இது. மலை நூல் இடமிருந்து வலமாகப் போகும்போது, வலப்பக்க வானத்து நூல் வலமிருந்து இடமாக எதிரே வரவேண்டும். இரண்டும் எல்லையில் இரண்டு பாவுக்கு நடுவே சந்திக்கும். வான நூலை மலை நூலுக்கு அடியால் எடுத்து ஒரு கொக்கி போடுங்கள். பிறகு இரண்டும் வந்த வழியே அடுத்த வரியில் திரும்பும். மலை நூல் இடப்பக்கம் போய்ச் சேரும்போது, இடப்பக்க வானத்து நூல் எதிரே வந்து அங்கே கொக்கி போடும். இரண்டு நூலும் ஒரே திசையில் ஓடினால் சந்திக்கவே மாட்டா. அதனால் தொடங்கும்போதே திசையைச் சரி பார்க்கவேண்டும்.

கொக்கி எப்போதும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு தடவை அடியால், ஒரு தடவை மேலால் என்று மாற்றினால் கோடு பல் பல்லாகத் தெரியும். கொக்கி இரண்டு பாவுக்கும் நட்ட நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு நூலை அதிகம் இழுத்தால் மற்ற நிறம் எட்டிப் பார்க்கும். இரண்டையும் இறுக்கினால் பாவு நெருங்கி, ஓரம் மேடு தட்டும். இரண்டு நூலையும் ஒரே பாவில் சுற்றித் திருப்புவதும் ஒரு முறைதான். ஆனால் அந்தப் பாவில் நூல் இரட்டிப்பாக ஏறித் தடித்துவிடும், கோடும் வாள் பல் மாதிரி வரும்.

வளைவு

நெசவில் உண்மையான வளைவு கிடையாது. பாவு நேர், ஊடை நேர். வளைவு என்று கண்ணுக்குத் தெரிவது படிக்கட்டுதான். ஓரம் செங்குத்தாக இருக்கும் இடத்தில் படி உயரமாகவும், உச்சியில் தட்டையாகும் இடத்தில் படி குள்ளமாகவும் இருக்கணும். எல்லாப் படியும் ஒரே உயரமாக வைத்தால் உருண்டை மலை வராது, கூரை மாதிரி முக்கோணம்தான் வரும்.

ஒரு நூல் போய்த் திரும்புவது ஒரு சுற்று. இரட்டையாக எடுத்த சுவெட்டர் நூலில் ஏறக்குறைய 5 சுற்று சேர்ந்தால் 1 சென்ரிமீற்றர் வரும். உங்கள் நூலில் 10 சுற்று நெய்து அளந்து பாருங்கள். 12 சென்ரிமீற்றர் அகலம், 6 சென்ரிமீற்றர் உயரம் உள்ள அரைவட்ட மலைக்குக் கணக்கு இப்படி வரும்:

24 பாவில் 12 சுற்று
22 பாவில் 5 சுற்று
20 பாவில் 3 சுற்று
18, 16, 14 பாவில் இரண்டிரண்டு சுற்று
12, 10, 8, 6 பாவில் ஒவ்வொரு சுற்று

மொத்தம் 30 சுற்று. ஒவ்வொரு படியிலும் இரு பக்கமும் ஒரு பாவு உள்ளே வருகிறது. இடப்பக்கம் உள்ளே வரும்போது, முந்தின படியின் கடைசி வரியை ஒரு பாவு முன்னாலேயே நிறுத்தித் திருப்புங்கள். தட்டிவிட்டால் அந்தக் குறை தெரியாது.

முதல் 12 சுற்றும் நேர் ஓரம். கிட்டத்தட்ட இரண்டரை சென்ரிமீற்றர். இங்கே கொக்கி கட்டாயம் வேண்டும், அதனால் மலையும் வானமும் சேர்ந்தே ஏறவேண்டும். அதற்குப் பிறகு மிகப் பெரிய படியே 1 சென்ரிமீற்றர்தான். அந்தப் பிளவு தானே நிற்கும், கொக்கி வேண்டாம். ஆகவே 13ஆம் சுற்றிலிருந்து மலையை மட்டும் உச்சி வரை நெய்து முடித்துவிடலாம். பிறகு வானத்தை அந்தப் படிகளின் மேல் நிரப்பவேண்டும். ஒவ்வொரு பக்கமும் 9 பாவில் 5 சுற்று, 10 பாவில் 3 சுற்று, 11, 12, 13 பாவில் இரண்டிரண்டு, 14 முதல் 17 பாவு வரை ஒவ்வொன்று. இப்போது இரண்டு பக்கமும் மலை உச்சியும் ஒரே மட்டத்துக்கு வந்திருக்கும். இனி ஒரே நூலால் 40 பாவும் சேர்த்து நெய்யலாம்.

நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். கீழே உள்ள வரி எந்தப் பாவுக்கு மேலால் போயிருக்கிறதோ, புது வரி அந்தப் பாவுக்கு அடியால் போகணும். தவறினால் இரட்டைப் புள்ளி விழும்.

உச்சியில் படி படியாகத் தெரிவது பிடிக்காவிட்டால், வானத்தை 14 பாவுப் படி முடிகிற 26ஆம் சுற்று வரை நிரப்பி நிறுத்துங்கள். பிறகு கரும்பச்சை நூல் ஒன்றை அந்த உச்சியின் மேல் சரிவோடு சரிவாக ஒரு சுற்று ஓட்டி, தளர்வாகத் தட்டுங்கள். அது படிகளை மூடி வட்டமாகக் காட்டும். இறுக்கினால் மலை உச்சி அமுங்கிவிடும். செங்குத்தான பக்கத்தில் இது சரிவராது, நூல் வழுக்கிக் கீழே விழும்.

எதை முதலில் நெய்வது?

மேலே போகப் போகக் குறுகும் உருவத்தை முதலில் நெய்யவேண்டும். மேலே போகப் போக விரியும் உருவத்துக்குப் பக்கத்து நிறத்தை முதலில் நெய்யவேண்டும். விரிகிற ஓரம் உட்கார ஒரு படி கீழே இருந்தாகணும். இல்லாவிட்டால் நூலைத் தட்டி இறக்க வழியில்லை. மலை குறுகுகிறது, அதனால் மலை முந்தி, வானம் பிந்தி.

இந்த மலை கைக்கு வந்தபின் முழு நிலா நெய்து பாருங்கள். அதன் மேல் பாதி நம் மலைக் கணக்கேதான். கீழ்ப் பாதிக்கு அதே கணக்கைத் தலைகீழாக வையுங்கள்: 6 பாவில் ஒரு சுற்று என்று தொடங்கி 24 பாவில் 12 சுற்று வரை. ஆனால் அங்கே வானத்தை முதலில் ஒரு கிண்ணம் மாதிரி நெய்து, நிலாவை அதற்குள் நிரப்பவேண்டும். நடுவில் 24 பாவுள்ள படிகள் மேலும் கீழும் சேர்ந்து 24 சுற்று. அந்த நேர் ஓரம் ஐந்து சென்ரிமீற்றருக்குக் கிட்ட வருவதால், அங்கே மூன்று நூலும் சேர்ந்து கொக்கி போட்டே ஏறவேண்டும்.

முடித்த படத்தைக் கழற்றுமுன் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் நீளமாக வெளிச்சம் கோடு விழுந்தால் அங்கே கொக்கி விட்டுப் போயிருக்கிறது. சட்டத்தில் இருக்கும்போதே ஊசியில் அதே நிற நூல் கோர்த்து, பின்பக்கமாகப் பிடித்துவிடுங்கள். பிறகு பாவை ஆணியிலிருந்து எடுத்து, இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது.