நேர்காணலுக்கு அவர் வரவில்லை. நான் எழுதிய மின்னஞ்சல்

2023 அக்டோபர் 30, திங்கட்கிழமை. லண்டனில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பேக்எண்ட் டெவலப்பர் வேலைக்கு இரண்டாம் சுற்று நேர்காணல். மதியம் 2.30 மணி என்று அவர்களுடைய பெங்களூரு அலுவலக எச்.ஆர். மேடம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறைக் கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் மிக்ஸி போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, 2.20-க்கே ஜூம் லிங்க்கைத் திறந்தேன். கூட்டத்தை நடத்துபவர் இன்னும் தொடங்கவில்லை என்று திரையில் வந்தது. 2.30 ஆனது, 2.35 ஆனது. அந்தச் செய்தி மாறவே இல்லை.

நெஞ்சு படபடத்தது. இந்த ஒரு நாளுக்காக அலுவலகத்தில் விடுப்பு எடுத்திருந்தேன். 2.38-க்கு ஒரு மின்னஞ்சலைத் தட்டினேன்: “அரை மணி நேரமாகக் காத்திருக்கிறேன். நேர்காணல் எடுப்பவர் வரவில்லை. இன்று உண்டா, இல்லையா என்று தெரிவிக்கவும்.”

அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்தேன். முதல் வாக்கியமே பொய். நான் உள்ளே வந்து பதினெட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. குறித்த நேரம் கடந்து எட்டு நிமிடம். இரண்டாவது வாக்கியம் எனக்குத் தெரியாத விஷயம். அவர் வேறொரு லிங்க்கில் எனக்காகக் காத்திருந்தால்? அதை அழித்துவிட்டு, என் திரையில் நான் பார்ப்பதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். 2.40-க்கு ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன்:

பொருள்: பேக்எண்ட் டெவலப்பர் நேர்காணல், அக்டோபர் 30, மதியம் 2.30 (இந்திய நேரம்) – லிங்க்கில் இணைந்திருக்கிறேன்

வணக்கம் மேடம்,

இன்று மதியம் 2.30 மணி (இந்திய நேரம்) நேர்காணலுக்காக, நீங்கள் 26-ஆம் தேதி அனுப்பிய ஜூம் லிங்க்கில் 2.20 முதல் இணைந்திருக்கிறேன். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று திரையில் காட்டுகிறது. நேரமோ லிங்க்கோ மாறியிருந்தால், அல்லது நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், தெரிவியுங்கள். 3 மணி வரை இதே லிங்க்கில் இருப்பேன். இன்று வசதிப்படாவிட்டால் நாளை மதியம் 2 முதல் 5 வரையும், புதன்கிழமை காலை 11 மணிக்கு மேலும் எனக்கு ஒத்துவரும். என் கைபேசி எண் கீழே இருக்கிறது.

நன்றி.

2.52-க்குப் பதில் வந்தது. லண்டனில் நேர்காணலைக் காலை 10 மணிக்குத்தான் வைத்திருந்தார்கள். கோடைக்காலத்தில் நம் கடிகாரம் லண்டனைவிட நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கும். அந்தக் கணக்கில் 10 மணி என்பது நமக்கு 2.30. ஆனால் பிரிட்டனில் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். எங்கள் நேர்காணலுக்கு முந்தைய நாள்தான் அந்த ஞாயிறு. இடைவெளி ஐந்தரை மணி நேரமாகிவிட்டது. சரியான நேரம் 3.30. மேடம் காலண்டர் அழைப்பு அனுப்பாமல் நேரத்தைக் கையால் கணக்குப்போட்டு எழுதியதால் பிழை நேர்ந்துவிட்டது. நான் காத்திருந்தபோது லண்டனில் காலை மணி ஒன்பதுதான். நேர்காணல் எடுப்பவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

3.30-க்கு அவர் வந்தார். என் மின்னஞ்சலை அவருக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே வர வைத்துவிட்டோம், மன்னியுங்கள் என்றுதான் பேச்சைத் தொடங்கினார். நான் முதலில் தட்டியது போயிருந்தால் அவர் வாசித்திருப்பது அதைத்தான்.

அன்று நான் கற்றது இதுதான்: தவறு யாருடையது என்று பிறகு தெரியவரும்போது, எந்தப் பக்கத்துத் தவறாக இருந்தாலும் அந்த மின்னஞ்சல் சரியாக நிற்க வேண்டும். “நீங்கள் வரவில்லை” என்பது நிற்காமல் போகலாம். “நான் இந்த லிங்க்கில் இருக்கிறேன், திரையில் இப்படிக் காட்டுகிறது” என்பது எப்படியும் நிற்கும். அதற்காக “மன்னிக்கவும், என் தவறுதான்” என்று பழியை இழுத்துப் போட்டுக்கொள்ளவும் வேண்டியதில்லை. மாறியிருந்தால் சொல்லுங்கள் என்று கதவைத் திறந்து வைத்தால் போதும்.

குறித்த நேரத்திலிருந்து பத்து நிமிடம் ஆனதும் அனுப்புங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அனுப்பினால், முந்தைய கூட்டத்தை முடித்துவிட்டு ஓடி வருபவரைக் குற்றம் சொன்னதுபோல் ஆகும். அரை மணி கழித்து அனுப்பினால் அன்றே பேச இருந்த வாய்ப்பு போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தில், கடைசியாக வந்த மின்னஞ்சலில் இருக்கும் லிங்க்தானா, தேதி சரியா, எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். திரையில் வரும் செய்தியையும் கவனித்து வாசியுங்கள். கூட்டம் தொடங்கவே இல்லை என்பது ஒன்று. தொடங்கிவிட்டது, நீங்கள் காத்திருப்பு அறையில் இருக்கிறீர்கள் என்பது வேறு. இரண்டாவது என்றால், அவர் உள்ளே இருந்தும் உங்களைக் கவனிக்காமல் இருக்கலாம். அதை அப்படியே எழுதினால் ஒரு நிமிடத்தில் உள்ளே விடுவார்கள்.

நேரம் குறித்து வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக, எல்லோருக்கும் போகும்படி அனுப்புங்கள். அப்போது பழைய லிங்க்கும் நேரமும் கீழேயே இருக்கும். யாரும் தேட வேண்டாம். நேர்காணல் எடுப்பவர் வேறு கூட்டத்தில் மாட்டியிருக்கலாம். அவரைப் போனில் பிடிக்கக்கூடியவர் எச்.ஆர். ஆள்தான். அதனால் அவருடைய பெயரை விட்டுவிடாதீர்கள். எவ்வளவு நேரம் லிங்க்கில் இருப்பீர்கள் என்பதையும், மாற்று நேரம் இரண்டையும் சொல்லிவிடுங்கள். “உங்கள் வசதிப்படி எப்போது வேண்டுமானாலும்” என்று எழுதினால், நேரம் பேசவே இன்னும் நான்கு மின்னஞ்சல் ஆகும்.

எல்லா நேரமும் இப்படி நல்லபடியாக முடியாது. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் நேர்காணலில் இதே மாதிரி மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே வரவில்லை. சொன்ன நேரம் வரை லிங்க்கில் இருந்தேன், எச்.ஆர். எண்ணுக்கு ஒருமுறை அழைத்தேன், வெளியே வந்துவிட்டேன். இரண்டு வேலை நாள் கழித்து அதே மின்னஞ்சல் தொடரில், இந்த வேலையில் எனக்கு ஆர்வம் இருக்கிறது, நேர்காணலுக்கு வேறு நேரம் தர முடியுமா என்று இரண்டு வரி எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது எழுதவில்லை. அந்த வேலையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அடுத்த இடத்துக்குத் தயாரானேன். ஒருமுறை வராமல் போனதை விபத்து என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு முறை எழுதியும் ஒரு வரி பதில் இல்லை என்றால் அதுவே அவர்களுடைய பதில்.

இப்போது நேர்காணல் நேரம் வந்ததும், வெளிநாட்டு நிறுவனம் என்றால், உடனே ஒரு வரி எழுதிவிடுகிறேன்: “இந்திய நேரம் மதியம் 2.30, லண்டன் நேரம் காலை 9.00, சரிதானே?” மார்ச் கடைசி ஞாயிறையும் அக்டோபர் கடைசி ஞாயிறையும் ஒட்டி வரும் நேர்காணல் என்றால் கட்டாயம் எழுதுகிறேன். அமெரிக்காவில் கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அந்த ஒரு வரியை 26-ஆம் தேதியே எழுதியிருந்தால், 30-ஆம் தேதி அந்த மின்னஞ்சலுக்கே வேலை இருந்திருக்காது.