நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம்: வாங்கலாமா, வேண்டாமா?

சலவை இயந்திரம் வாங்கக் கடைக்குச் செல்வோரிடம், பில் போடும் நேரத்தில் விற்பனையாளர் பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்பார்: "எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கொள்கிறீர்களா?" அதை ஏற்பதா மறுப்பதா என்பதை ஒரு சிறு கணக்கின் மூலம் முடிவு செய்ய இயலும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இயந்திரத்திற்குத் தயாரிப்பாளர் அளிக்கும் முழு உத்தரவாதம் 2 ஆண்டுகள். அதன்பின் வரும் 3, 4, 5ஆம் ஆண்டுகளுக்கான நீட்டிப்புக் கட்டணம் ரூ.2,400. இதனுடன் 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்து ரூ.2,832 ஆகிறது. இத்தொகையை இன்றே செலுத்திவிடுகிறோம். பாதுகாப்போ இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்குகிறது. கணக்கின் அடிப்படை இதுவே.

எதிர்பார்க்கப்படும் செலவு

மின்னணுப் பலகை பழுதானால் மாற்ற ரூ.8,000 ஆகும் என்றும், நீர் வெளியேற்றும் பம்பு, கதவுப் பூட்டு போன்ற சிறு பழுதுகளுக்குச் சராசரியாக ரூ.2,000 ஆகும் என்றும் கொள்வோம். பலகை பழுதாகும் வாய்ப்பு அம்மூன்று ஆண்டுகளில் முறையே 6, 8, 10 சதவீதம். சிறு பழுதுகளின் வாய்ப்பு 15, 20, 25 சதவீதம். இவை எடுத்துக்காட்டுக்கான அனுமானங்களே. தங்கள் பகுதியில் பழுது பார்ப்பவரிடம் விசாரித்து இவற்றைத் திருத்திக்கொள்ளலாம். மோட்டாருக்குத் தயாரிப்பாளரே 10 ஆண்டு உத்தரவாதம் தனியாக அளித்திருந்தால் அதனைக் கணக்கில் சேர்த்தல் கூடாது.

3ஆம் ஆண்டில் பலகைக்காக 8,000-இல் 6 சதவீதம், அதாவது ரூ.480, சிறு பழுதுகளுக்காக ரூ.300, ஆக மொத்தம் ரூ.780. இவ்வாறே 4ஆம் ஆண்டுக்கு ரூ.1,040, 5ஆம் ஆண்டுக்கு ரூ.1,300. மூன்றையும் கூட்டினால் ரூ.3,120. கட்டணம் ரூ.2,832 தான் என்பதால், வாங்குவது இலாபம் போலத் தோன்றும். இங்கேதான் பலர் தவறுகின்றனர்.

இன்றைய மதிப்பு

ஐந்து ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும் ரூ.1,300-க்காக இன்றே ரூ.1,300 ஒதுக்கவேண்டியதில்லை. 7 சதவீத வட்டியில் வைப்புத்தொகையாக ரூ.927 இட்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் அது ரூ.1,300 ஆக வளர்ந்திருக்கும். அந்த ரூ.927 தான் இன்றைய மதிப்பு. ஆண்டுச் செலவை, ஒன்றுடன் வட்டி விகிதத்தைக் கூட்டி ஆண்டுகளின் எண்ணிக்கைக்கேற்பப் பெருக்கிய தொகையால் வகுத்தால் இது கிடைக்கும். எளிமைக்காக, செலவு ஆண்டின் இறுதியில் நேர்வதாகக் கொள்கிறோம்.

3ஆம் ஆண்டு: 780 ÷ 1.225 = ரூ.637
4ஆம் ஆண்டு: 1,040 ÷ 1.311 = ரூ.793
5ஆம் ஆண்டு: 1,300 ÷ 1.403 = ரூ.927
மொத்தம்: ரூ.2,357

கட்டணம் இதைவிட ரூ.475 அதிகம். இலாபமாகத் தோன்றியது நட்டமாக மாறிவிட்டது.

உதிரிபாகங்களின் விலை ஏறாதா என்னும் ஐயம் நியாயமானதே. ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால் இன்றைய மதிப்பு சுமார் ரூ.2,770 ஆகிறது, கட்டணத்தை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. இந்நிலையில் தீர்ப்பை மாற்றுவது ஒப்பந்தத்தின் விதிகளே. சிறு பழுதுகள் விலக்கப்பட்டு, பலகை மட்டுமே அடங்குமாயின், விலையேற்றமில்லாத கணக்கில் நாம் பெறும் பயன் ரூ.1,450 அளவுக்குச் சுருங்கும். எலி கடித்த கம்பி, கதவின் ரப்பர் வளையம், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் நேரும் சேதம் ஆகியவை விலக்குப் பட்டியலில் உள்ளனவா என்பதைக் கையெழுத்திடுமுன் பார்க்கவேண்டும்.

காத்திருப்பதன் பயன்

சில தயாரிப்பாளர்கள், முதல் உத்தரவாதம் முடிவதற்குள் நீட்டிப்பைப் பெற இடமளிக்கின்றனர். அதே ரூ.2,832-ஐ இரண்டு ஆண்டுகள் கழித்துச் செலுத்தினால் அதன் இன்றைய மதிப்பு ரூ.2,474 மட்டுமே. அதற்குள் இயந்திரத்தின் தரமும், வீட்டுத் தண்ணீரின் உப்புத் தன்மை அதனைப் பாதிக்கும் விதமும் தெரிந்துவிடும். அப்போதும் இதே கட்டணம்தானா என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

யாருக்குப் பொருந்தும்?

மேற்கண்ட அனுமானத்தின்படி, மூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் பலகை பழுதாகும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம். திடீரென ரூ.8,000 செலவானாலும் சேமிப்பிலிருந்து ஈடுசெய்யக்கூடியவர் நீட்டிப்பைத் தவிர்த்து, ரூ.2,832-ஐ வைப்புத்தொகையாக இடலாம். அத்தொகைக்காகக் கடன் அட்டையில் நிலுவை வைத்து, மாதம் 3 சதவீதத்திற்கும் மேல் வட்டி செலுத்த நேரிடும் குடும்பத்திற்கோ, ரூ.475 கூடுதலாகக் கொடுத்து நீட்டிப்பைப் பெறுவது தகுந்த முடிவாகவே அமையும்.