விதைக்கடையின் வாட்ஸ்அப் செய்தி: எதை வைப்பது, எதை வெட்டுவது?

பாபநாசம் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் அம்பாசமுத்திரத்து விதைக்கடைக்காரர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: விதை வந்துவிட்டது. அதைக் குரூப்பில் போட்டால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும்; ஒருவர் விலை பேசினால் ஊரே படிக்கும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அது பொங்கல் வாழ்த்துக்குப் போதும். என் தேர்வு பிராட்காஸ்ட்தான். தனித்தனியாகப் போய்ச் சேரும், பதிலும் கடைக்கு மட்டும் வரும். ஒரு பட்டியலில் 256 பேர். கடையின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போகும். எனவே பில் போடும்போதே கேட்டுச் சேமிக்கச் சொல்லுங்கள்.

பட்டியலைக் கால்வாய்வாரியாகப் பிரிப்பது நல்லது. கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரருக்கும் நதியுண்ணிக்காரருக்கும் தண்ணீர் ஒரே நாளில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. நாற்றங்கால் போட இன்னும் நாளிருப்பவருக்கு இன்றைய செய்தி தொந்தரவுதான்.

இனி எழுத்து. வழக்கமாகப் போவது இப்படி இருக்கும்:

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! அனைத்து வகை விதைகளும் உரங்களும் மலிவு விலையில்! வாருங்கள், பயனடையுங்கள்!"

இதை எந்த மாதத்திலும் அனுப்பலாம், அதுதான் குறை. திருத்தினால்:

"*அம்பை 16 சான்று விதை வந்துவிட்டது.* 30 கிலோ மூட்டை, விலை ரூ. ____. ஏக்கருக்கு 24 கிலோ போதும். 5 ஏக்கருக்கு 4 மூட்டை. சனிக்கிழமை வரை காலை 7 மணிக்கே கடை திறந்திருக்கும். எத்தனை ஏக்கர் என்று பதில் போட்டால் எடுத்து வைக்கிறோம். செய்தி வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள்."

இருபுறமும் நட்சத்திரக் குறி போட்ட முதல் வரி தடித்த எழுத்தில் தெரியும். நோட்டிபிகேஷனில் கண்ணில் படுவதும் அந்த வரிதான், அதனால் வணக்கத்தை அங்கே வைக்க வேண்டாம். 24 கிலோ என்பது குறுகிய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ என்ற பரிந்துரையின் கணக்கு. விற்பனை குறையுமே என்று அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். விவசாயி செய்தியை அழிக்காமல் வைத்திருப்பதே அதற்காகத்தான். பிசானத்துக்கு ரகம் மாறினால் இந்த அளவும் மாறும், பழைய செய்தியை அப்படியே எடுத்து அனுப்பக் கூடாது.

கம்பெனி போஸ்டரா, எழுத்தா என்றால் எழுத்துதான். பத்து நாள் கழித்து 'அம்பை' என்று தேடினால் படத்துக்குள் இருக்கும் எழுத்து அகப்படாது. வேறு இடத்திலிருந்து பார்வர்டு செய்தால் மேலே அந்த முத்திரையும் விழும். நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

அனுப்பிய மறுநாள் செய்தியை அழுத்திப் பிடித்து 'தகவல்' பகுதியைப் பாருங்கள். போய்ச் சேராதவர்களில் பலர் உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களாக இருக்கலாம். கடைக்கு வரும்போது கேளுங்கள். பலர் படித்தும் ஏக்கர் கணக்கு எழுதிப் பதில் வரவில்லையென்றால், முதலில் விலை வரியையும் அனுப்பிய நாளையும் சரிபாருங்கள்.