‘ஓவன் விற்பனைக்கு’: படத்தைப் பார்த்தே எது எதுவென்று அறிவது எப்படி?

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்க விரும்பும் நம் பெண்களில் பலர் முதல் ஓவனைப் பழையதாகவே வாங்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வரும், கீழே ‘ஓவன், நல்ல கண்டிஷன்’ என்று ஒரு வரி இருக்கும். வளைகுடாவில் வேலை செய்யும் மகனோ கொழுந்தனோ ஊருக்கு வரும்முன், “இது வேணுமா உம்மா?” என்று படம் அனுப்புவதும் உண்டு. சிக்கல் என்னவென்றால், மைக்ரோவேவ், பேக்கிங் ஓவன், ஏர் ஃப்ரையர் மூன்றையும் மக்கள் ‘ஓவன்’ என்றே சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டியாகவே பலவும் தெரியும். உள்பக்கமும் திருகுகளும் தெரியும் படங்கள்தான் உண்மையைச் சொல்லும்.

முதலில் கதவைப் பாருங்கள்

மைக்ரோவேவின் கதவுக் கண்ணாடிக்குள் நெருக்கமான சின்னஞ்சிறு துளைகள் கொண்ட உலோக வலை இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். இந்த அடுப்பு உண்டாக்கும் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அத்தனை சிறிய துளை வழியே அது வெளியேற முடியாது, வெளிச்சம் மட்டும் வரும். அதனால் வலையில்லாத மைக்ரோவேவ் கிடையாது. ஓ.டி.ஜி. எனப்படும் பேக்கிங் ஓவனுக்கு இந்த வலை தேவையில்லை. அதன் கதவு வெறும் கண்ணாடி, பெரும்பாலும் கீழ்நோக்கித் திறக்கும்.

அடுத்து உள்பக்கம். ஓ.டி.ஜி.யில் மேலும் கீழும் பென்சில் கனத்தில் சூடேறும் கம்பிகள் தெரியும். இரு பக்கச் சுவர்களிலும் தட்டைச் செருகுவதற்கான வரிப் பள்ளங்கள் படிப்படியாக இருக்கும். விற்பவர் தட்டுகளை எடுத்துவிட்டுப் படம் பிடித்திருந்தாலும் இந்தப் பள்ளங்கள் மறையாது.

மைக்ரோவேவில் வரிப் பள்ளங்கள் பொதுவாக இருப்பதில்லை. தரையில் வட்டக் கண்ணாடித் தட்டு இருக்கும். தட்டைக் கழற்றியிருந்தால், அதைச் சுழற்றும் சிறு முளை தரையின் நடுவில் தெரியும். பெரும்பாலும் வலப்பக்கச் சுவரில், உள்ளங்கை அளவில் அட்டை போன்ற பழுப்பு அல்லது சாம்பல் நிறத் தகடு ஒன்று இருக்கும். அது மைக்கா. அலை உள்ளே வரும் வாசலை மூடுவது அதுதான். அதில் கருகிய ஓட்டையோ பொசுங்கலோ தெரிந்தால், உள்ளே தீப்பொறி பறந்திருக்கிறது என்று பொருள்.

கேக் வேகுமா? மூன்று வகை மைக்ரோவேவ்

சாதாரண மைக்ரோவேவ் உணவிலுள்ள ஈரத்தைத்தான் முக்கியமாகச் சூடாக்குகிறது. ஈரம் இருக்கும்வரை உணவின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேற்பரப்பு பொன்னிறமாகச் சிவக்க அதைவிட அதிகச் சூடு வேண்டும். அதனால் அதில் செய்யும் கேக் வெந்தாலும் வெளுத்தே இருக்கும், ஆறியதும் ரப்பர்போல ஆகிவிடும்.

மேல்தளத்தில் கம்பி தெரிந்தால் அது கிரில் உள்ள மைக்ரோவேவ். மேற்பக்கம் சிவக்கும், ஆனால் கேக்கைச் சுற்றிலும் ஒரே சூடு கிடைக்காது. பின்சுவரில் அகலமான வட்டமாகத் துளைகள் இருந்து, அதன் பின்னே மின்விசிறி இருந்தால் அது கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். அதில் கேக் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: எல்லா மைக்ரோவேவிலும் விளக்குக்கும் காற்றோட்டத்துக்கும் பக்கச்சுவரில் சிறு துளைக் கூட்டம் உண்டு. அதை விசிறி என்று எண்ணிவிட வேண்டாம்.

திருகுகளும் இதையே உறுதி செய்யும். டிகிரி எண்கள் இருந்தால் அந்த அடுப்பால் சூட்டை அளந்து கொடுக்க முடியும். ஓ.டி.ஜி.யில் வழக்கமாக மூன்று திருகுகள்: 250 டிகிரிவரை செல்லும் சூடு, மேல்கம்பியா கீழ்க்கம்பியா இரண்டுமா என்ற தேர்வு, நேரம். சாதாரண மைக்ரோவேவில் டிகிரியே இருக்காது. ஹை, மீடியம், லோ, டீஃப்ராஸ்ட் என்ற அளவுகளும் நிமிடங்களும் மட்டும் இருக்கும்.

ஏர் ஃப்ரையரும் சாண்ட்விச் மேக்கரும்

ஏர் ஃப்ரையர் பெரும்பாலும் மேசை இழுப்பறைபோல வெளியே இழுக்கும் கூடையுடன் வரும். குழப்பம் வருவது கண்ணாடிக் கதவு வைத்த ஏர் ஃப்ரையரில்தான். அது சிறிய ஓ.டி.ஜி. போலவே இருக்கும். உள்ளே மேல்தளத்தைப் பாருங்கள்: சுருள் கம்பியும் அதன் மேலே விசிறியும் தெரிந்தால் அது ஏர் ஃப்ரையர். ஓ.டி.ஜி.யில் விசிறி இருந்தாலும் பொதுவாகப் பக்கச் சுவரிலோ பின்சுவரிலோ இருக்கும். மேலிருந்து வேகமாக வீசும் காற்று சமோசாவுக்கும் கோழித் துண்டுக்கும் நல்லது. கேக்கிலோ, உள்ளே வேகும்முன் மேற்புறம் காய்ந்து வெடிக்கலாம்.

சாண்ட்விச் மேக்கர் புத்தகம்போல் விரியும் இரண்டு தகடுகள். பெரும்பாலும் சிவப்பு, பச்சை விளக்குகள் மட்டும், சூட்டுத் திருகு இருக்காது. தகட்டில் முக்கோணக் குழிகள் இருந்தால் ரொட்டியின் ஓரம் ஒட்டிக்கொள்ளும், உள்ளே வைத்தது சிந்தாது. வரிவரியான தகடு என்றால் அது கிரில், ஓரம் ஒட்டாது.

ஓர் எடுத்துக்காட்டு

‘கன்வெக்‌ஷன் ஓவன், 20 லிட்டர், கேக் செய்யலாம்’ என்று விளம்பரம். முதல் படத்தில் கறுப்புக் கதவு, வலப்பக்கம் இரண்டு திருகுகள். இது மட்டும் போதாது, ஏனென்றால் ஓ.டி.ஜி.க்கும் திருகுகள் வலப்பக்கமே இருக்கும். இரண்டாம் படத்தில் மேல்திருகில் லோ முதல் ஹை வரை, நடுவில் டீஃப்ராஸ்ட். கீழ்த்திருகில் 35 நிமிடம்வரை. டிகிரி எண் எங்கும் இல்லை. மூன்றாம் படத்தில் வெள்ளைச் சுவர், வலப்பக்கம் பழுப்புத் தகடு, மேல்தளம் கம்பியின்றி வழவழப்பாக, பின்சுவர் துளையின்றி. ஆக, இது சாதாரண மைக்ரோவேவ். சோறும் குழம்பும் சூடாக்கலாம், கேக் வியாபாரத்துக்கு உதவாது.

சந்தேகம் தீராவிட்டால் பின்பக்க லேபிளின் படத்தைக் கேளுங்கள். அதில் 2450 என்ற அலைவரிசை எண்ணும், உள்ளீடு, வெளியீடு என இரண்டு வாட் அளவுகளும் இருந்தால் அது மைக்ரோவேவ். ஓ.டி.ஜி.யில் அலைவரிசை எண் இருக்காது.

சவூதியிலிருந்து வருவதென்றால் அதே லேபிளில் இன்னொன்றையும் பாருங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. லேபிளில் 60 மட்டும் இருந்தால் மைக்ரோவேவின் டிரான்ஸ்பார்மர் இங்கே அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுப்போகலாம். 50/60 என்றிருந்தால் அந்தக் கவலை இல்லை. வோல்ட் அளவில் 220 முதல் 240 வரையிலான எண் இருக்க வேண்டும்.

அடையாளம் தவறினால் பணம் மட்டும் போவதில்லை. ஓ.டி.ஜி. என்று நினைத்து மைக்ரோவேவுக்குள் அலுமினிய அச்சை வைத்தால் தீப்பொறி பறக்கும். மைக்ரோவேவ் என்று நினைத்து ஓ.டி.ஜி.க்குள் பிளாஸ்டிக் டப்பாவை வைத்தால் உருகிக் கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கும்.

ஆகவே பணம் அனுப்பும்முன் நான்கு படங்கள் கேளுங்கள்: கதவைத் திறந்து முழு உள்பக்கம், கீழிருந்து மேல்தளம், எழுத்து தெரியும்படி திருகுகள், பின்பக்க லேபிள். நேரில் வாங்கும்போது மைக்ரோவேவைக் காலியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டுங்கள், தண்ணீர் நன்றாகச் சுட வேண்டும். கதவு சரியாக மூடாவிட்டாலோ வலை கிழிந்திருந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பின்மூடியைக் கழற்றிப் பார்க்கவும் கூடாது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.