பசி அளவுகோல்

உண்ணும் உணவின் கலோரிகளைக் கணக்கிடுவது சிலருக்கு மனக்கலக்கத்தை விளைவிக்கிறது. நாளொன்றுக்கு 1,500 கலோரி என வரையறுத்துக்கொண்ட ஓர் ஆசிரியையைக் கருதுவோம். நண்பகலுக்குள் 1,000 ஆகிவிட்டதே என அஞ்சி, மாலைப் பசியை அவர் அடக்குகிறார். இரவில் பசி மீறவே, வயிறு கனக்க உண்டு வருந்துகிறார். எண்ணை நோக்கியவர் உடலின் அறிகுறியை நோக்கவில்லை.

இத்தகையோருக்குப் பசி அளவுகோல் துணைசெய்யும். அதில் 1 என்பது சோர்ந்து தள்ளாடும் கடும்பசி. 5 என்பது பசியும் நிறைவும் அற்ற நிலை. 10 என்பது வயிறு புடைத்துத் துன்புறும் நிலை. 3 அல்லது 4 என்னும் நிலையில் உண்ணத் தொடங்கி, 6 அல்லது 7 ஆகும்போது நிறுத்துவது முறை. உண்ணுமுன்பும், பாதி உண்டபின்னும், முடிவிலும் சற்றே நின்று தம் நிலையை உணர்தல் வேண்டும். நிறைவுணர்ச்சி தோன்றச் சுமார் 20 நிமிடங்கள் ஆகுமாதலால், மெதுவாக உண்பது அவசியம்.

அவ்வாசிரியை மாலையில் பசி 3 எனக் கண்டு சிறிது சுண்டல் உண்பாராயின், இரவுணவுக்கு 4 என்னும் நிலையிலேயே அமர்வார். ஒருநாள் 9 வரை சென்றாலும் அது குற்றமன்று. அடுத்த வேளைக்கு ஒரு குறிப்பே. இந்த எண்ணும் அச்சம் தருமாயின், 'பசி', 'போதும்' என்னும் சொற்களே போதுமானவை.

இன்சுலின் செலுத்திக்கொள்வோர் பசிக்காகக் காத்திராமல், மருத்துவர் குறித்த வேளையில் உண்ண வேண்டும். உணவை அறவே வெறுத்து மெலிந்தோரிடம் பசியுணர்ச்சி மங்கியிருக்கும். அவர்களை இம்முறைக்கு விடாது மருத்துவரிடம் அனுப்புக.